ஓடிபி அழைப்பாக வரும்போது: 2016 பிரீமியம் எண் விவகாரமும் இன்றைய தடைகளும்

2016 ஜூலையில் ஆர்ன் ஸ்வின்னன் என்ற பெல்ஜியப் பாதுகாப்பு ஆய்வாளர், இன்ஸ்டாகிராம், கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களையும் தன் எண்ணுக்குப் போன் போட வைத்து அதில் காசு பார்க்க முடியும் என்று காட்டினார். மென்பொருளை உடைக்கவில்லை, யாருடைய கடவுச்சொல்லையும் திருடவில்லை. மூன்று நிறுவனங்களும் ‘எஸ்எம்எஸ் வரவில்லையா, அழைத்துச் சொல்கிறோம்’ என்று ஒரு வசதி வைத்திருந்தன. அந்த வசதியில் அவர் கொடுத்தது சாதாரண எண் அல்ல, பிரீமியம் எண். அவ்வளவுதான் வேலை.

இன்று பல செயலிகளில் ‘Call me’ பொத்தான் காணாமல் போயிருப்பதற்கும், இருக்கும் இடங்களில் உடனே கிடைக்காமல் சில நிமிடம் காக்க வைப்பதற்கும், சில நாட்டு எண்களுக்கு அழைப்பே போகாமல் இருப்பதற்கும் காரணம் தேடினால் இந்த விவகாரத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும். அதனால் இதையே எடுத்து விரிவாகப் பார்க்கலாம்.

காசு எந்த வழியில் போகிறது

நீங்கள் ஓர் எண்ணை அழைத்தால், உங்கள் தொலைபேசி நிறுவனம் அந்த எண் இருக்கும் நிறுவனத்துக்கு அழைப்பை முடித்துத் தந்ததற்கான கட்டணம் கொடுக்க வேண்டும். சாதாரண எண் என்றால் அது சிறு தொகை. பிரீமியம் எண் என்றால் கட்டணம் பல மடங்கு, அதில் ஒரு பங்கு எண்ணை வாடகைக்கு எடுத்தவருக்கே போய்ச் சேரும். ஜோசியம், போட்டி வாக்களிப்பு போன்ற கட்டணச் சேவைகளுக்காக ஏற்பட்ட ஏற்பாடு இது. அழைப்பவர் தெரிந்தே கட்டணம் கொடுக்கிறார் என்பதுதான் இதன் அடிப்படை.

ஓடிபி அழைப்பில் இந்த அடிப்படை தலைகீழாகிறது. எந்த எண்ணை அழைப்பது என்று முடிவு செய்வது பயனர். கட்டணம் கொடுப்பது நிறுவனம். பயனரே எண்ணுக்குச் சொந்தக்காரராகவும் இருந்தால், ஒவ்வொரு அழைப்பும் நிறுவனத்தின் பையிலிருந்து அவர் பைக்குப் போகும் சில்லறை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொகைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஓர் அழைப்புக்கு எண்ணின் சொந்தக்காரருக்கு 1 ரூபாய் பங்கு, ஒரு கணக்கிலிருந்து 30 நொடிக்கு ஓர் அழைப்பு என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 120 ரூபாய், நாளுக்கு 2,880 ரூபாய். ஒரே ஆள் 100 கணக்குகளைத் தொடங்கி ஸ்கிரிப்ட்டை ஓட விட்டால் நாளுக்கு 2,88,000 ரூபாய். ஒரு கணக்குக்கு இத்தனை அழைப்புதான் என்று வரம்பு வைத்தால் போதும் என்று நினைத்தவர்கள் இங்கேதான் சறுக்கினார்கள். கணக்கு தொடங்க எந்தச் செலவும் இல்லாதபோது கணக்குக்கான வரம்பு எதையும் தடுக்காது.

இதே மோசடி எஸ்எம்எஸ்ஸிலும் உண்டு. ஆனால் எஸ்எம்எஸ்ஸுக்கு ஒரு முறை ஒரு கட்டணம். அழைப்புக்கோ நேரம் ஓட ஓடக் கட்டணம். ‘குறியீட்டை மீண்டும் சொல்கிறேன்’ என்று நான்கு முறை வாசிக்கும் குரல் பதிவு, காதில் வாங்கி எழுதிக்கொள்பவருக்கு நல்ல உதவி. மோசடிக்காரருக்கோ அதே பதிவு நான்கு மடங்கு வரவு. அழைப்பின் மொத்த நீளத்துக்கு ஒரு உச்சவரம்பு வைப்பது இதனால்தான். இரண்டு முறை வாசித்துவிட்டு, யாரும் போனை வைக்காவிட்டாலும் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும்.

ஒரே போன், பல எழுத்துவடிவம்

ஸ்வின்னன் காட்டியதில் நுட்பமானது மைக்ரோசாஃப்ட் பகுதி. அங்கே ஒரு எண்ணுக்குச் சில முறை அழைத்தும் குறியீடு திரும்பி வராவிட்டால் அந்த எண் தடுக்கப்படும். சரியான யோசனைதான். ஆனால் எண்ணின் முன்னால் சில பூஜ்யங்களைச் சேர்த்தோ, பின்னால் சில இலக்கங்களை ஒட்டியோ எழுதினால் சரிபார்க்கும் மென்பொருள் அதைப் புது எண்ணாக எண்ணிக்கொண்டது. தொலைபேசி வலையமைப்போ கூடுதல் இலக்கங்களைப் பொருட்படுத்தாமல் அதே போனுக்கு மணி அடித்தது. ஒரு போனுக்கு எத்தனையோ எழுத்துவடிவங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரம்பு.

மைக்ரோசாஃப்ட் 500 டாலரும், இன்ஸ்டாகிராமை வைத்திருக்கும், இன்று மெட்டா எனப்படும் ஃபேஸ்புக் 2,000 டாலரும் அவருக்குச் சன்மானம் கொடுத்தன.

இதற்கான மருந்து எளிது, ஆனால் பலர் இன்னும் போடுவதில்லை. எண்ணை வாங்கியவுடன் ஒரே உலகப் பொது வடிவத்துக்கு, அதாவது E.164 வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். வரம்பு, தடைப்பட்டியல், பதிவேடு எல்லாம் அந்த வடிவத்தின் மீதே நடக்க வேண்டும். பைத்தானில் இப்படி:

```python
import phonenumbers as pn
n = pn.parse(raw, "IN")
ok = pn.is_valid_number(n)
key = pn.format_number(n, pn.PhoneNumberFormat.E164)
kind = pn.number_type(n)
T = pn.PhoneNumberType
call_ok = ok and kind in (
    T.MOBILE, T.FIXED_LINE, T.FIXED_LINE_OR_MOBILE)
```

பின்னால் இலக்கம் ஒட்டிய எண்கள் பெரும்பாலும் `is_valid_number` வரியிலேயே விழுந்துவிடும். `PREMIUM_RATE` என்று வகைப்படுத்தப்பட்டவை கடைசி வரியில் விழும். பட்டியலில் மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். அமெரிக்க எண்களில் மொபைலையும் லேண்ட்லைனையும் எண்ணைப் பார்த்துப் பிரிக்க முடியாது, அதனால் அவை அந்த மூன்றாம் வகையாகவே வரும். அதை விட்டுவிட்டால் அமெரிக்காவில் இருக்கும் எல்லாரையும் நீங்களே தடுத்ததாக ஆகும்.

இந்த வடிகட்டி வெளிப்படையான பிரீமியம் எண்களை மட்டுமே பிடிக்கும். இன்றைய மோசடியில் பெரும்பாலும் பயன்படுவது அவை அல்ல. அழைப்புக் கட்டணம் அதிகமுள்ள ஏதோ ஒரு நாட்டின் சாதாரண எண் வரிசையைப் போலவே தோன்றும் எண்கள்தான். இடையில் இருக்கும் ஒரு தொலைபேசி நிறுவனமே வருமானத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, நடத்தையைப் பார்த்துதான் கண்டுபிடிக்க முடியும். அழைப்பு எடுக்கப்படுகிறது, கடைசிவரை கேட்கப்படுகிறது, ஆனால் குறியீடு மட்டும் திரும்பி வருவதே இல்லை. முதல் ஏழெட்டு இலக்கம் ஒன்றாக இருக்கும் பல எண்களில் இது ஒரே மணி நேரத்தில் நடந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஆகவே செயலிகளுக்காக அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் அனுப்பித் தரும் ட்விலியோ போன்ற சேவைகள் அழைப்பை நாடு வாரியாகத் திறந்து மூட வைத்திருக்கின்றன. அனுமதிக்காத நாட்டுக்கு அழைக்க முயன்றால் பதிவேட்டில் `21215` அல்லது `13227` என்ற பிழை எண் விழும். மோசடிக் காப்பு தானாகத் தடுத்திருந்தால் `60410`. ‘ஓடிபி கால் வரவில்லை’ என்று பயனர் சொன்னால் அவருடைய போனைக் குறை சொல்வதற்கு முன் இந்த மூன்றையும் தேடிப் பாருங்கள். வாடிக்கையாளர்கள் இல்லாத நாடுகளை மூடி வைப்பது நியாயம்தான். ஆனால் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் அங்குள்ள எண்ணோடு வந்து நிற்கும்போது, ‘இந்த எண்ணுக்கு அழைக்க இயலாது, எஸ்எம்எஸ் அனுப்புகிறோம்’ என்று திரையில் சொல்லாமல் ‘அழைக்கிறோம்’ என்று பொய் சொல்லும் வடிவமைப்பு மன்னிக்க முடியாதது. அவர் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எப்போது அழைப்பைத் தேர்ந்தெடுப்பது

அழைப்பு கட்டாயமாகும் முதல் இடம் லேண்ட்லைன். பல கடைகளும் மருத்துவமனைகளும் பலருக்கும் தெரிந்த பழைய எண்ணையே வாட்ஸ்அப் பிசினஸில் பதிவு செய்ய விரும்புகின்றன. லேண்ட்லைனுக்கு எஸ்எம்எஸ் போகாது, அழைப்பு போகும்.

சென்னை எண் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாடு இந்தியா என்று தேர்ந்தெடுத்து, 044 என்பதில் முன்னாலுள்ள பூஜ்யத்தை விட்டுவிட்டு 44, அதன்பின் எட்டு இலக்க எண். கோவை என்றால் 422, அதன்பின் ஏழு இலக்கம். எந்த ஊராக இருந்தாலும் மொத்தம் பத்து இலக்கம் வர வேண்டும். பதினொன்று வந்தால் பூஜ்யத்தைச் சேர்த்திருக்கிறீர்கள். செயலி முதலில் எஸ்எம்எஸ் அனுப்ப முயன்றால் விட்டுவிடுங்கள். நேரக் கணக்கு ஓடி முடிந்தபின் அழைப்புக்கான தெரிவு உயிர் பெறும். அதைத் தொடுவதற்கு முன் பேனாவும் தாளும் கையில் இருக்க வேண்டும், லேண்ட்லைன் பக்கத்தில் இருக்க வேண்டும். எடுத்தவுடன் ஆறு இலக்கக் குறியீட்டைக் குரல் வாசிக்கும்.

இதில் அதிகம் தோற்பவர்கள் ஐவிஆர் வைத்திருக்கும் அலுவலகங்கள். மணி அடித்ததும் ‘வணக்கம், விற்பனைக்கு 1ஐ அழுத்தவும்’ என்று இயந்திரம் எடுத்துவிடும். அந்தப் பக்கம் ஓர் இயந்திரம் குறியீடு சொல்கிறது, இந்தப் பக்கம் ஓர் இயந்திரம் வரவேற்பு சொல்கிறது. இரண்டும் பேசி முடித்து இணைப்பு துண்டிக்கப்படும், மனிதர் காதில் ஒன்றும் விழாது. பதிவேட்டில் ‘அழைப்பு எடுக்கப்பட்டது’ என்றே இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஐவிஆரை நிறுத்தி, எண்ணை ஒரே ஒரு மேசைப் போனுக்கு நேராக விடச் சொல்லுங்கள். அதைச் செய்யாமல் மீண்டும் மீண்டும் முயன்றால் காத்திருக்கும் நேரம்தான் நிமிடங்களிலிருந்து மணிக்கணக்காக நீளும்.

இரண்டாவது இடம் பலருக்குத் தெரியாதது. இந்தியாவில் சிம் கார்டை மாற்றினால் புதுச் சிம் உயிர் பெற்றதிலிருந்து 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வசதியை நிறுத்தி வைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2022இல் உத்தரவிட்டது. வரும் எஸ்எம்எஸ், போகும் எஸ்எம்எஸ் இரண்டும். அழைப்புகள் வழக்கம்போல வரும். தொலைந்த போனுக்குப் பதில் புதுச் சிம் வாங்கியவர் அன்றைக்கே செயலிகளைத் திறக்க முயன்று, ஓடிபி ஏன் வரவில்லை என்று தவிப்பது இதனால்தான். நெட்வொர்க் கோளாறு என்று போனை அணைத்து அணைத்துப் போடுவதில் பயன் இல்லை. அரட்டைச் செயலி போன்றவற்றுக்கு அந்த ஒரு நாள் அழைப்பு வழியே போதும்.

வங்கி விஷயம் வேறு. உங்கள் பெயரில் வேறொருவர் சிம் வாங்கி, நீங்கள் சுதாரிப்பதற்குள் கணக்கைத் துடைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த 24 மணி நேரம். பணப் பரிமாற்றத்துக்கு அழைப்பில் குறியீடு சொல்லும் சேவை அந்தத் தடுப்புச் சுவரில் தானே ஒரு கதவு திறந்து வைக்கிறது. அந்த நாளில் வங்கிச் செயலி அழைப்பு வழியை மறுத்தால் அது சரியாகவே வேலை செய்கிறது.

மூன்றாவது, பார்வையற்றவர்களும் எழுத்து வாசிக்காதவர்களும். திரை வாசிப்பான் இல்லாத பட்டன் போனில் வரும் எஸ்எம்எஸ்ஸுக்கு அவர்கள் வேறொருவர் கண்ணை நம்ப வேண்டும். ரகசியக் குறியீட்டை இன்னொருவரிடம் காட்டுவதும் அதில் சேர்ந்துவிடுகிறது. இவர்களுக்கு அழைப்பே பாதுகாப்பான வழி. மோசடிக்குப் பயந்து அழைப்பை முற்றிலும் நீக்கும் நிறுவனங்கள் யாரை வெளியே தள்ளுகின்றன என்று யோசிக்க வேண்டும்.

வெளிநாட்டில் ரோமிங்கில் இருப்பவர் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. வரும் அழைப்பை எடுத்தால் பல திட்டங்களில் நிமிடக் கட்டணம் உண்டு.

அழைப்பு யார் கைக்குப் போகிறது

எஸ்எம்எஸ் சிம் இருக்கும் போனுக்கு வரும். அழைப்போ எங்கே திருப்பிவிடப்பட்டிருக்கிறதோ அங்கே போகும். கால் ஃபார்வர்டிங் அழைப்பை மட்டும் நகர்த்தும், எஸ்எம்எஸ்ஸை நகர்த்தாது. இந்த வேறுபாட்டின் மீதுதான் ஒரு முழு மோசடியே கட்டப்பட்டது. கூரியர்காரர் போலவோ நெட்வொர்க் ஊழியர் போலவோ பேசி, `*401*` என்று தொடங்கி ஒரு பத்து இலக்க எண்ணை அழுத்தச் சொல்வார்கள். அழுத்தியதும் உங்கள் அழைப்புகள் எல்லாம் அவர்களுக்குப் போகும். பிறகு உங்கள் எண்ணை அவர்கள் போனில் வாட்ஸ்அப்பில் பதிவு செய்வார்கள். முதலில் வரும் எஸ்எம்எஸ் உங்களிடம்தான் வரும், அதைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. நேரக் கணக்கு முடியும்வரை காத்திருந்து அழைப்பைத் தேர்ந்தெடுப்பார்கள். உங்கள் போன் மணி கூட அடிக்காது.

இப்படிக் குறியீடு அழுத்தி ஃபார்வர்டிங் போடும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஆனாலும் போனில் அழைப்பு அமைப்புகளுக்குள் போய் Call forwarding பகுதியில் தெரியாத எண் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கேட்காமலே எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி வந்து, சில நிமிடமாக யாருடைய அழைப்பும் வரவில்லை என்றால் உடனே அங்கே பாருங்கள்.

எடுக்காத அழைப்பில் பேசியதைப் பதிவு செய்துவைக்கும் வாய்ஸ்மெயில் பரவலாக உள்ள நாடுகளில் இதன் மாற்றுவடிவம் நடந்தது. போன் அணைந்திருக்கும் நேரம் பார்த்து அழைப்பு கேட்டால், குறியீடு வாய்ஸ்மெயிலில் பதிவாகும். வாய்ஸ்மெயிலின் ரகசிய எண்ணை மாற்றாமல் 0000, 1234 என்றே வைத்திருப்பவரின் பெட்டியைத் திறந்து கேட்டுவிடலாம். இதைத் தடுக்க ‘ஒரு பொத்தானை அழுத்தினால்தான் குறியீடு சொல்வோம்’ என்று சேவைகள் மாறின. 2018 டெஃப் கான் ஹேக்கர் மாநாட்டில் பாதுகாப்பு ஆய்வாளர் மார்ட்டின் விகோ அதையும் கடந்து காட்டினார். வாய்ஸ்மெயில் வரவேற்புச் செய்தியாகவே அந்தப் பொத்தானின் ஓசையைப் பதிவு செய்து வைத்தார். பொத்தான் அழுத்தப்பட்டதாக எண்ணிச் சேவை குறியீட்டைச் சொல்லிவிட்டது. திரையில் தெரியும் இலக்கங்களை போனில் அழுத்தச் சொல்லும் முறையும் தப்பவில்லை. அந்த இலக்கங்களுக்கேற்ப வரவேற்புச் செய்தியை உடனுக்குடன் மாற்ற முடிந்தது. வாய்ஸ்மெயில் தேவையில்லாதவர்கள் நிறுவனத்திடம் சொல்லி அதை நிறுத்திவிடுவதே மேல்.

மணி அடிக்காத அழைப்பு எங்கே நின்றது

பயனர் பக்கத்தில் நின்று பார்த்தால் மூன்று அறிகுறிகள். அழைப்புத் தெரிவே திரையில் இல்லை என்றால் சேவையே உங்கள் நாட்டுக்கோ எண் வகைக்கோ மூடியிருக்கிறது. இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் எண்களுக்குப் பல சேவைகள் இப்படி மூடிவிடுகின்றன. உங்கள் போனில் மாற்ற ஒன்றும் இல்லை.

‘அழைக்கிறோம்’ என்று வந்தும் மணி அடிக்கவில்லை, ஆனால் அழைப்புப் பட்டியலில் தவறிய அழைப்பாகவோ தடுக்கப்பட்ட அழைப்பாகவோ ஒரு எண் இருக்கிறது என்றால், தடுத்தது உங்கள் போன். ஐபோனில் தெரியாத எண்களை அமைதியாக்கும் அமைப்பு, ஆண்ட்ராய்டில் ஸ்பேம் வடிகட்டி, ட்ரூகாலர், வெளிநாட்டு எண்களை மொத்தமாகத் தடுக்கும் அமைப்பு, இவற்றில் ஒன்று. ஓடிபி அழைப்பு பெரும்பாலும் தெரியாத எண்ணிலிருந்துதான் வரும், சில நேரம் +1 போன்ற வெளிநாட்டு எண்ணிலிருந்து. அமைப்பை ஐந்து நிமிடம் அணைத்து, ஒரே ஒரு முறை மறுபடி கேட்டு, குறியீடு கிடைத்ததும் திரும்பப் போட்டுவிடலாம்.

பட்டியலிலும் ஒன்றும் இல்லை என்றால் இரண்டு வாய்ப்பு. ஒன்று ஃபார்வர்டிங், அதை முதலில் பாருங்கள். இல்லையென்றால் நடுவழியில் நெட்வொர்க் தடுத்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டே +91 எண்ணைக் காட்டும் போலி அழைப்புகளைத் தடுக்கும் மைய அமைப்பு ஒன்றை இந்தியா 2024 அக்டோபர் 22 அன்று தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் சுமார் 1.35 கோடி அழைப்புகள் தடுக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. நேர்மையான சேவையும் இதில் சிக்கலாம். வெளிநாட்டுச் சர்வரிலிருந்து அழைத்துக்கொண்டு, ‘இந்திய எண்ணைக் காட்டினால் மக்கள் எடுப்பார்கள்’ என்று +91 எண்ணைக் காட்டுபவருக்கு இந்த வழி அடைபட்டுவிட்டது. தன் உண்மையான வெளிநாட்டு எண்ணைக் காட்ட வேண்டும், அல்லது இந்திய நிறுவனம் வழியாக இந்தியாவுக்குள்ளிருந்தே அழைக்க வேண்டும். முதல் வழியில் பயனரின் ஸ்பேம் வடிகட்டி குறுக்கே நிற்கும். இரண்டாவதில் பதிவு வேலையும் செலவும் அதிகம், ஆனால் அழைப்பு போய்ச் சேரும்.